ஐந்தாம் வருடம் பத்து ரூபாய் பாக்கெட்டில் எத்தனை கிராம் இருக்கும்?

கேள்வி: ஐயா, குடியாத்தத்தில் எட்டு வருடமாக முறுக்கு, மிக்சர், ஓமப்பொடி போடுகிறோம். 10 ரூபாய் சரம்தான் பெரும்பங்கு. மீதியை டீக்கடை, பேக்கரிகளுக்கு லூஸாகக் கொடுக்கிறோம். போன வருடம் 60 டன் போனது, விற்பனை 1 கோடியே 5 லட்சம். பொரிக்கும் மெஷினும் பாக்கெட் போடும் மெஷினும் வாங்க வங்கியில் 25 லட்சம் கேட்டிருக்கிறோம், ஐந்து வருடத்தில் கட்டுவதாக. அதற்கான கணக்கில் செலவு வருடம் 8 சதவீதம் ஏறும் என்று போட்டு, அதைச் சரிக்கட்ட நம் விலையையும் 8 சதவீதம் ஏற்றினேன். விற்கும் மொத்த எடையும் வருடம் 10 சதவீதம் கூடும் என்று போட்டேன். மேனேஜர், "செலவு ஏறும், சரி. விலையை எப்படி ஏற்றுவீங்க?" என்று கேட்டு ஃபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விலை ஏற்றத்தைக் குறைத்தால் லாபம் கரைந்து போகிறது. கொழுந்தனார், "எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க, அண்ணி. குறைச்சுப் போட்டா கடனே கிடைக்காது" என்கிறார். மூன்று வருட பில் விவரங்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான் எப்படிப் போடுவது?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, மேனேஜர் ஃபைலைத் திருப்பித் தந்ததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடன் கொடுக்க மனமில்லாதவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். நீங்கள் பில்களை அனுப்பியது நல்லதாகப் போயிற்று, அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு சின்னத் தவறு. பலர் இதைக் கவனிப்பதில்லை. செலவுக்கும் விலைக்கும் ஒரே சதவீதம் போட்டால் "ஏறின செலவை மட்டும் வாங்கிக்கொள்கிறோம்" என்று தோன்றும். ஆனால் கணக்கு அப்படி இல்லை. இன்று உங்களுக்கு ஒரு கிலோவுக்குச் சராசரியாக 175 ரூபாய் கைக்கு வருகிறது, செலவு 154, மிச்சம் 21. செலவில் 8 சதவீதம் என்றால் 12 ரூபாய் 30 காசு. விலையில் 8 சதவீதம் என்றால் 14 ரூபாய். செலவு ஏறியதைவிட ஒன்றே முக்கால் ரூபாய் கூடுதலாக வாடிக்கையாளரிடம் வாங்குவதாக முதல் வருடமே எழுதிவிட்டீர்கள். ஐந்து வருடம் அப்படியே ஓடினால் 21 ரூபாய் லாபம் 31 ஆகிவிடுகிறது. பொருள் விலை ஏற ஏற லாபமும் ஏறும் தொழில் என்று ஒரு பேப்பர் சொன்னால், படிப்பவர் நெற்றியைச் சுருக்கத்தான் செய்வார்.

விலையை கிராமில் எழுதிப் பாருங்கள்

உங்கள் தொழிலில் விலை என்பது ரூபாயில் இல்லை, கிராமில் இருக்கிறது. கடையில் தொங்கும் சரத்தில் 10 ரூபாய் என்பது கல்லில் செதுக்கிய எழுத்து. 10 ரூபாய் 80 காசுக்கு ஒரு பாக்கெட்டை எந்தக் கடைக்காரரும் விற்க மாட்டார். அதனால் நீங்கள் விலையை ஏற்றும்போதெல்லாம் உண்மையில் எடையைத்தான் குறைக்கிறீர்கள். இன்று 42 கிராம் போடுகிறீர்கள். வருடம் 8 சதவீதம் என்று ஐந்து வருடம் விலையை ஏற்றினால், அந்தப் பாக்கெட்டில் 28 அல்லது 29 கிராம்தான் இருக்கும். உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள், ஒரு கைப்பிடிகூட நிறையாது. அதே கொக்கியில் பக்கத்தில் பெரிய கம்பெனியின் 10 ரூபாய் பாக்கெட்டும் தொங்கும்.

இதில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. எடையைக் குறைத்தால் அதே எண்ணிக்கை பாக்கெட் போனாலும் விற்ற கிலோ குறைகிறது. இப்போது சரத்தில் வருடம் 36 டன் போகிறது, அதாவது சுமார் 8 லட்சத்து 57 ஆயிரம் பாக்கெட். பாக்கெட்டை 36 கிராமாக்கினால், அதே 36 டன்னை விற்க 10 லட்சம் பாக்கெட் போக வேண்டும். இருந்த இடத்தில் நிற்பதற்கே ஆறில் ஒரு பங்கு கூடுதல் விற்பனை! உங்கள் கணக்கிலோ கிலோ விலையும் வருடம் 8 சதவீதம் ஏறுகிறது, கிலோ எடையும் 10 சதவீதம் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாக்கெட் எண்ணிக்கை வருடம் கிட்டத்தட்ட 19 சதவீதம் ஏற வேண்டும். நீங்கள் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள். ஆகவே விற்பனைப் பக்கத்தைக் கிலோவில் தொடங்காமல், பாக்கெட் எண்ணிக்கையில் தொடங்குங்கள். எத்தனை பாக்கெட், ஒரு பாக்கெட்டில் எத்தனை கிராம், கைக்கு எவ்வளவு. கிலோ கடைசியில் தானாக வரட்டும்.

பாக்கெட் சிறிதானால் கவர் செலவும் கூடும். ஒரு கிலோவுக்கு 24 கவர் போன இடத்தில் 28 கவர் போகும். ஐந்தாம் வருடத்தில் கிலோவுக்கு இரண்டு ரூபாய் அளவுக்கு அது தின்னும். அதையும் எழுதுங்கள்.

பழைய பில் என்ன சொல்கிறது

இனிமேல் எவ்வளவு விலை ஏற்ற முடியும் என்று யோசிப்பதைவிட, இதுவரை எவ்வளவு ஏற்ற முடிந்தது என்று பார்ப்பது பத்திரமானது. உங்கள் பில்களை வைத்து நானே போட்டுப் பார்த்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் உங்கள் செலவு கிலோவுக்கு 134. இப்போது 154. ஆக 20 ரூபாய் ஏறியிருக்கிறது. அந்த 20 ரூபாயில் எவ்வளவு வாங்க முடிந்தது? லூஸ் சரக்கு 155-லிருந்து 165 ஆனது, 10 ரூபாய். சரத்தில் 44 கிராமை 40 ஆக்கினீர்கள், அதனால் கிலோவுக்குச் சுமார் 16 ரூபாய் கூடியது. சரம் 60 பங்கு, லூஸ் 40 பங்கு என்று சேர்த்தால் சராசரியாக 14 ரூபாய்தான் வருகிறது. அதாவது ஏறின ஒவ்வொரு 10 ரூபாயிலும் 7 ரூபாயை வாடிக்கையாளர் கொடுத்தார், 3 ரூபாயை நீங்கள் தாங்கினீர்கள். இதையே சதவீதமாகப் பார்த்தால் உங்கள் விலை வருடத்துக்கு 3 சதவீதம்கூட ஏறவில்லை. மேனேஜருக்கு 8 எங்கே நெருடியது என்று இப்போது புரியும்.

இங்கே ஒரு இடத்தில் ஏமாந்துவிடக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் பாக்கெட் கார வகைகளுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதம் ஆனது. ஏஜென்சி உங்களுக்கு வரியோடு கொடுப்பது அன்றும் இன்றும் 8 ரூபாய்தான். ஆனால் வரி போக உங்களிடம் நிற்பது 7 ரூபாய் 14 காசிலிருந்து 7 ரூபாய் 62 காசாகிவிட்டது. அந்தப் பலனை மக்களுக்குக் கொடுக்க நீங்கள் 40 கிராமை 42 ஆக்கியது சரியான காரியம். அதற்குப் பிறகும் கிலோவுக்கு 3 ரூபாய் அளவுக்கு உங்களிடம் தங்கியிருக்கிறது. பில்லை மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் விலை ஏற்றம் போலத் தெரியும். அது அரசு வரியைக் குறைத்ததால் ஒருமுறை வந்தது, அடுத்த வருடமும் வரும் என்று நீட்டக் கூடாது. அதனால்தான் மேலே உள்ள 14 ரூபாயில் அதைச் சேர்க்கவில்லை.

எடையைக் குறைத்த பிறகு இரண்டு மாதம் ரிட்டர்ன் கூடியதாக எழுதியிருக்கிறீர்கள். எந்த மாதம் குறைத்தீர்கள் என்று பாருங்கள். ஏப்ரலில் குறைத்திருந்தால் குற்றத்தை எடை மேல் மட்டும் போடாதீர்கள். நம் ஊர் மே மாத வெயிலில் லைன் வண்டிக்குள் கிடக்கும் சரக்கில் சிக்கு வாடை வரும், அந்த ரிட்டர்ன் வேறு. முந்தைய வருடத்து அதே மாதங்களோடு ஒப்பிட்டால்தான் எடைக் குறைப்பின் பாதிப்பு தெரியும்.

எண்ணெயைத் தனியாக வையுங்கள்

எல்லாச் செலவுக்கும் 8 சதவீதம் என்பதும் சரியில்லை. கூலி ஒருமுறை ஏறினால் இறங்காது. அதற்கு 8 போடுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன். மாவு, மசாலா, கவர், கேஸ், வண்டி, வாடகை எல்லாம் சேர்த்து உங்கள் பழைய பில்லில் வருடம் 4 சதவீதம் அளவில் ஏறியிருக்கிறது. அதையே போடலாம்.

பாமாயில் இந்த இரண்டிலும் சேராது. அது படியேறுவது போல ஏறாது, ஊஞ்சல் போல ஆடும். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியை நிறுத்தியபோது விலை எங்கே போனது என்று உங்களுக்கே நினைவிருக்கும். மே மாதமே தடை நீங்கியது, பிறகு விலை சரிந்தது. 2024 செப்டம்பரில் நம் அரசு கச்சா பாமாயில் மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5-லிருந்து 27.5 சதவீதமாக்கியது. 2025 மே இறுதியில் அதை 16.5-க்கு இறக்கியது. இப்படிப்பட்ட பொருளுக்கு, உச்சத்தில் இருந்த ஒரு வருடத்தைப் பிடித்து ஐந்து வருடம் நீட்டினால் செலவு பொய்யாக வீங்கும். இறங்கிய வருடத்தைப் பிடித்தால் லாபம் பொய்யாக வீங்கும். மூன்று வருடச் சராசரியை எடுங்கள். உங்களுக்கு அது கிலோ சரக்குக்கு 42 ரூபாய் வருகிறது, இன்றைய 40-ஐவிடக் கொஞ்சம் கூட. அதிலிருந்து வருடம் 4 சதவீதம் ஏற்றுங்கள். திடீர் ஏற்றத்தைத் தனித் தாளில் சோதிக்கலாம், பின்னால் சொல்கிறேன்.

இப்படிப் போட்டால் ஐந்தாம் வருடம் உங்கள் செலவு கிலோவுக்கு 194 வரும். இன்றைவிட 40 ரூபாய் கூடுதல். அதில் பத்துக்கு ஏழு என்றால் 28 ரூபாய். விலை 175-லிருந்து 203. இதை மறுபடி கிராமுக்கு மாற்றிப் பாருங்கள்: லூஸ் 188 ரூபாய், சரம் 36 கிராம். நடக்கக்கூடியதுதான், ஆனால் அதற்குக் கீழே போகும் தைரியம் எனக்கு இல்லை. கிலோவுக்கு மிச்சம் 9 ரூபாய், கூடுதல் கவர் செலவு போனால் 7.

லாபம் எங்கிருந்து வரும்?

21 ரூபாய் 7 ஆகிறதே என்று பதற வேண்டாம். இது மெஷின் இல்லாமல் ஓட்டிய கணக்கு. நீங்கள் கடன் கேட்பதே மெஷினுக்குத்தான், ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் மெஷினால் என்ன மிச்சம் என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாச் சுமையையும் விலை ஏற்றத்தின் தலையில் வைத்துவிட்டீர்கள்.

இப்போது கையால் அள்ளிப் போட்டு சீல் வைக்கிறீர்கள். குறைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் கை கொஞ்சம் தாராளமாகத்தான் போடும். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், 20 பாக்கெட் நிறுத்துப் பார்த்ததில் சராசரி 44 கிராம் என்று. கவரில் 42 என்று அச்சடித்து 44 கொடுக்கிறீர்கள். மெஷினில் இந்த உபரியை அரை கிராம் அளவுக்குக் கொண்டு வரலாம். எண்ணெய், மாவு, மசாலாவில் மட்டும் அது இன்றைய விலையில் கிலோவுக்கு 2 ரூபாய் மிச்சம். ஆனால் அச்சிட்ட எடைக்குக் கீழே போய்விடக் கூடாது, எடை அளவைத் துறை சோதனைக்கு வந்தால் தப்பிக்க முடியாது. பாக்கெட் போடும் ஆட்கள் குறைவதால், நீங்கள் கொடுத்த கூலி விவரப்படி ஐந்தாம் வருடம் கிலோவுக்கு 9 ரூபாய் மிச்சம் வரும்.

இரண்டையும் மேலே சொன்ன 7 ரூபாயோடு சேர்த்தால் கிலோவுக்குச் சுமார் 18 ரூபாய் நிற்கிறது. பாக்கெட் எண்ணிக்கை வருடம் 5 சதவீதமும் லூஸ் 3 சதவீதமும் கூடினால் ஐந்தாம் வருடம் 67 டன். லாபம் 12 லட்சம் அளவில், கிட்டத்தட்ட இன்று வருவதே. கேட்கச் சப்பென்று இருக்கும். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு பில் இருக்கிறது. மேனேஜர் எந்த எண்ணில் விரல் வைத்தாலும் நீங்கள் தடுமாற வேண்டியதில்லை.

கொழுந்தனார் சொல்வது பற்றி

அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். விலையைக் கூட்டிப் போட்டுக் கடன் வாங்கியவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ராணிப்பேட்டை பக்கம் ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் ஒருவர், ஜோடிக்கு வருடம் 6 சதவீதம் கூலி ஏறும் என்று எழுதிக் கடன் வாங்கினார். ஆர்டர் கொடுத்த கம்பெனி இரண்டு வருடம் ஒரு பைசா ஏற்றவில்லை. தவணை மட்டும் ரிப்போர்ட்டில் எழுதியபடியே வந்தது. தவணை 90 நாளைத் தாண்டி நின்றால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதன்பின் நடப்பு மூலதனத்துக்குக்கூட வங்கி யோசிக்கும். ரிப்போர்ட்டில் உள்ள விலை வங்கியை நம்ப வைக்கும் எண் மட்டும் இல்லை. தவணைத் தொகையே அதை வைத்துத்தான் முடிவாகிறது.

அதனால் எண்ணெய்ச் சோதனையை முதல் வருடத்திலேயே வையுங்கள். எண்ணெய் 25 சதவீதம் ஏறுகிறது, உங்களால் ஆறு மாதம் எடையைத் தொட முடியவில்லை, பிறகு பத்துக்கு ஏழு வாங்குகிறீர்கள். ஏன் ஆறு மாதம்? அச்சடித்த கவர் ரோல் தீர வேண்டும், புது எடைக்கு அச்சு மாற்ற வேண்டும், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கோ தீபாவளிக்கோ முன்னால் எடையைக் குறைத்தால் கடைக்காரர் முகம் கொடுக்க மாட்டார். இந்த ஒரு அடியில் 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் போய்விடும். மெஷின் பாதி வருடம் ஓடியதாக வைத்தால் முதல் வருட லாபம் 13 லட்சத்து 80 ஆயிரம். அது 9 லட்சத்து 60 ஆயிரமாகும். வீட்டுச் செலவுக்கு மாதம் 40 ஆயிரம் எடுக்கிறீர்கள். அது போக 4 லட்சத்து 80 ஆயிரம் நிற்கும்.

நீங்கள் கேட்டிருக்கும் ஐந்து வருடத் தவணையில், அசலை மாதாமாதம் சமமாகப் பிரித்து வட்டியைத் தனியாகக் கட்டினால், பத்தரை சதவீத வட்டிக்கு, முதல் வருடம் கட்ட வேண்டியது 7 லட்சத்து 40 ஆயிரம். இரண்டரை லட்சத்துக்கு மேல் துண்டு விழுகிறது. அதையே ஏழு வருடமாக்கி, முதல் ஆறு மாதம் வட்டி மட்டும் கட்ட அவகாசம் கேட்டால், முதல் வருடச் சுமை 4 லட்சத்து 50 ஆயிரம் அளவில் நிற்கும். மோசமான வருடத்திலும் தலை தண்ணீருக்கு மேலே இருக்கும். மொத்த வட்டி கூடும், உண்மைதான். ஆனால் 2026 ஜனவரி 1 முதல் அனுமதியாகும் மாறும் வட்டிக் கடன்களில், உங்களைப் போன்ற சிறு தொழில்கள் முன்கூட்டியே கட்டினால் வணிக வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எண்ணெய் இறங்கும் வருடத்தில் கூடுதலாகக் கட்டி முடித்துக்கொள்ளலாம். அனுமதிக் கடிதத்தில் மாறும் வட்டி என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆக, மேனேஜரிடம் மூன்று தாள் கொண்டு போங்கள். பழைய பில்லில் இருந்து எடுத்த பத்துக்கு ஏழு கணக்கு ஒன்று, மெஷினால் வரும் மிச்சம் ஒன்று, எண்ணெய்ச் சோதனை ஒன்று. ஏழு வருடம் ஏன் கேட்கிறோம் என்பதற்கு மூன்றாவது தாளே பதில் சொல்லும்.

போவதற்கு முன் ஒரு வேலை செய்ய முடிந்தால் நன்றாக இருக்கும். அச்சில்லாத கவரில், சரியான எடையும் மற்ற விவரங்களும் அச்சிட்ட லேபிள் ஒட்டி, 38 கிராமில் கொஞ்சமும் 36 கிராமில் கொஞ்சமும் சரம் போடுங்கள். பேர்ணாம்பட்டு லைனில் ஐந்து கடை, காட்பாடியில் கல்லூரிப் பக்கம் ஐந்து கடை, ஒரு மாதம் தொங்கட்டும். பழைய சரம் எத்தனை நாளில் தீர்ந்தது, இது எத்தனை நாளில் தீர்கிறது என்று வண்டிக்காரரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 38 போய் 36 நின்றால், 203 ரூபாயை மேனேஜருக்கு முன்னால் நீங்களே குறைத்துவிடுங்கள்.